வல்லினம் மிகும் இடங்கள்: 'மிகுமா, மிகாதா' வினாவா, முழு வாக்கிய வினாவா?

ஒன்பதாம் வகுப்புக்கு ஒற்றுப்பிழை வினாத்தாள் தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு. 'வந்த + பையன்: மிகுமா, மிகாதா?' என்று ஒவ்வொரு சொற்சேர்க்கையாகக் கேட்பது ஒன்று. ஒரே வாக்கியத்தை மூன்று நான்கு விதமாக எழுதிக் கொடுத்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மற்றொன்று. நான் இப்போது பயன்படுத்துவது இரண்டாவதைத்தான்.

முதல் வகையைத் தயாரிப்பதும் திருத்துவதும் சுலபம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் பாதி சரியாகிவிடும். தவறான விடையும் 'தெரியவில்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. பையன் எந்த விதியைத் தப்பாகப் பிடித்திருக்கிறான் என்பதைச் சொல்வதில்லை.

முழு வாக்கியத்தில் அது தெரிகிறது. இதைப் பாருங்கள்:

அ) வந்த பையன் கதவைத் திறந்து பார்த்தான்.
ஆ) வந்த பையன் கதவைத் திறந்துப் பார்த்தான்.
இ) வந்தப் பையன் கதவைத் திறந்துப் பார்த்தான்.
ஈ) வந்த பையன் கதவை திறந்து பார்த்தான்.

'அ' சரி. 'ஈ' எழுதுபவருக்கு 'ஐ' உருபுக்குப் பின் மிகும் என்பது பதியவில்லை. 'ஆ' எழுதுபவருக்குப் பெயரெச்சத்தில் குழப்பமில்லை. 'எடுத்துப் பார்த்தான்' போன்ற வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பழக்கத்தில், மென்தொடரான 'திறந்து'வுக்கும் ஒற்றுப் போடுகிறார்.

சிக்கல் 'இ'யில்தான். எச்சம் என்றாலே மிகும் என்று நம்புபவரும் அதை எழுதுவார், உயிரெழுத்துக்குப் பின் க, ச, த, ப வந்தாலே மிகும் என்று நம்புபவரும் எழுதுவார். ஒரு தவறான விடைக்கு இரண்டு காரணங்கள் இருந்தால் எதைத் திருத்திச் சொல்லிக் கொடுப்பது? அதனால் அடுத்த வினா இப்படி:

அ) தம்பி கேட்டுப் பார்த்தான்.
ஆ) தம்பிக் கேட்டுப் பார்த்தான்.
இ) தம்பி கேட்டு பார்த்தான்.

எச்சக் குழப்பம் மட்டும் உள்ளவருக்கு இதில் 'அ' சரியாக வந்துவிடும். எழுத்தை மட்டும் பார்ப்பவர் 'தம்பிக்' என்று எழுவாயிலும் ஒற்றைச் சேர்ப்பார். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுகிறார். இங்கே நான்காவது விடை வேண்டும் என்பதற்காக எதையாவது நிரப்பவில்லை, மூன்றே போதும்.

'ஏன் மிகாது?' என்று காரணமும் கேட்கும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. மேல்வகுப்புக்கு அது இன்னும் துல்லியமாக இருக்கலாம். நான் அதிகம் வைத்துப் பார்த்ததில்லை. என் வகுப்பில் 'பெயரெச்சம்' என்ற பெயரே மறந்தவர்கள், ஒற்றைச் சரியாகப் போட்டும் அதில் தோற்றார்கள்.

அப்புறம், தவறான விடைகளை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டாம். முதலில் வாக்கியங்களைச் சொல்லி எழுத வைத்து, நோட்டில் வரும் பிழைகளையே எடுங்கள். தேர்வுக்குப் பிறகு யாருமே தொடாத விடை இருந்தால் அதை எடுத்துவிட்டு, நோட்டில் கண்ட வேறொரு பிழையை வைத்துப் பாருங்கள்.