வாங்கலாம், ஆனால் அந்தத் தொட்டி! – மழைக்கால உடுப்புக்கு ஒரு டிஹியுமிடிஃபயர்

அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராய்ச் சேர்க்கிற மெஷின்தான் டிஹியுமிடிஃபயர். அதை விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மச்சாள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "உங்களிட்ட இருக்கிற மாதிரித்தான். வாங்கட்டோ மச்சாள்?" அவளுக்கு வெள்ளவத்தையில் நாலாம் மாடி. பால்கனி கடலைப் பார்த்தது. மே மாதம் தொடங்கினால் கொடியில் போட்ட உடுப்பு மூன்றாம் நாளும் சில்லென்றே இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 12 லீட்டர் என்று போட்டிருக்கும். 30 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதம் என்ற நிலையில் 24 மணித்தியாலத்துக்கு இழுக்கும் அளவு அது. தொட்டியோ 2 லீட்டர்தான் கொள்ளும். ஒரு முறை உடுப்பைத் தராசில் போட்டுப் பார்த்தேன். காய்ந்தபடி 4 கிலோ; தோய்த்து ஸ்பின் முடிந்து வந்தபோது ஆறரைக் கிலோ. இரண்டரை லீட்டர் தண்ணீர் உடுப்பிலேயே இருக்கிறது, அறைக் காற்றின் ஈரம் வேறு. எல்லோரும் நித்திரையாய் இருக்கும் நேரத்தில் தொட்டி நிரம்ப மெஷின் நின்றுவிடும். யன்னல் பூட்டு, கதவு பூட்டு, உள்ளே அரை ஈரத்தில் உடுப்பு. புழுங்கல் மணம் வர இதைவிட வேறு என்ன வேண்டும்? உடுப்புக் காயவைக்கவும் உதவும் என்று விற்கிறவர்கள் ஒரு தோய்ப்புக்குப் போதாத தொட்டியை வைத்திருப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

வழி இருக்கிறது. பின்பக்கத்தில் குழாய் பூட்ட ஒரு துவாரம் இருக்கும். ஆனால் உள்ளே பம்ப் இல்லை, தண்ணீர் தானாகத்தான் வழிய வேண்டும். குளியலறை வாசற்படி அந்தத் துவாரத்தைவிட உயரம் என்றால் ஒரு சொட்டும் போகாது. மெஷினை ஆடாத ஸ்டூலில் ஏற்றி, குழாய் எங்கும் மேலெழும்பாமல் வடிகாலுக்கு விட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

அப்புறம், மெஷின் மட்டும் போதாது. ஸ்டாண்டின் கீழ்ப்பாதிக்குக் காற்றுப் படும்படி ஒரு மேசை ஃபேன் வேண்டும். உடுப்புக்கு உடுப்பு ஒரு கையகலம் இடைவெளி வேண்டும். மெஷினும் ஃபேனும் எட்டு மணித்தியாலம் ஓடினால் எங்கள் வீட்டில் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் போகும். காய்ந்ததா என்று நடுத்துணியில் பார்க்காதீர்கள். இடுப்புப் பட்டியையும் அக்குள் தையலையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இனித் துணி. மச்சாள் கேட்காத கேள்வி இதுதான், ஆனால் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. பெரிய பூந்துவாய்தான் எங்கள் வீட்டு மணத்துக்கெல்லாம் மூலம். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு முகத்தைத் துடைக்கும்போதுதான் குப்பென்று வரும். மொரக்செல்லா என்ற பக்டீரியா இந்த மணத்துக்குக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது காய்ந்தாலும் முழுதாகச் சாகாது, ஈரம் பட்டதும் திரும்பப் பெருகும். அதனால் வாசனைத் திரவம் ஊற்றிப் பயனில்லை. வெள்ளைப் பருத்தித் துவாய் என்றால் 60 பாகைச் சுடுநீரில் தோய்த்து, அன்றைக்கே முழுதாகக் காயவைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தையும் துவாய்க்கு விடாதீர்கள். அது நூலில் படிந்து, துவாய் தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

நாங்கள் பூந்துவாய்களை ஒதுக்கிவிட்டு மெல்லிய தேன்கூட்டு நெசவுத் துவாய்க்கு மாறினோம். அதை மடிக்காமல் விரித்துப் போட்டால், மெஷின் இல்லாமலே ஃபேன் காற்றில் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. மெல்லிய பருத்திச் சாரமும் அப்படித்தான். பொலியெஸ்டர் இன்னும் வேகமாகக் காயும், ஏனென்றால் நூல் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் வியர்வையின் எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஜிம் பெனியன் காய்ந்தும் நாறும். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த மெல்லிய சட்டைதான் இந்த ஊர் மழைக்குத் தோது. டெனிமை உட்புறம் வெளியே வரத் திருப்பி, பொக்கற்றையும் வெளியே இழுத்துப் போட்டால்தான் கரை சேரும்.

சரி, வாங்குவதா? குழாய் விட வடிகால் பக்கத்தில் இல்லையென்றால் வேண்டாம் மச்சாள், குறைத்த விலைக்கும் வேண்டாம். முதலில் துவாய்களை மாற்றுங்கள், தோய்த்தபின் இன்னொரு தரம் ஸ்பின் போடுங்கள், ஒரு ஃபேன் வாங்குங்கள். என்னுடையதைத் தருவீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒக்டோபர் மழையில் பிள்ளையின் வெள்ளை யூனிபோர்ம் காலையில் மொறமொறவென்று கையில் வருகிறது. அதற்காகவே நான் அதைக் கொடுக்கமாட்டேன்.