12 வேன், 4 வருட முழுச் சேவை லீஸ்: கடைசிப் பில் வந்த பிறகு

போன வாரம் கடைசி வேனையும் திருப்பிக் கொடுத்தோம். அதே வாரம், வேறொரு கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார்: "நீங்கள் எடுத்த மாதிரி லீஸ் நாங்களும் எடுக்கலாமா? கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயிற்று?" இரண்டாவது கேள்விக்கு என்னால் ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியவில்லை. 4 வருடமாக என்னை உறுத்தியதும் அதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ், ரிப்பேர், டயர், மாற்று வண்டி எல்லாம் மாத வாடகைக்குள் அடக்கம். ஒரு வேனுக்கு 95,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் போனது. ஒர்க்‌ஷாப்காரர் லீஸ் கம்பெனிக்குப் போன் செய்து அனுமதி வாங்கினார், மறுநாள் காலையில் மாற்று வண்டி வந்தது, எங்களுக்குப் பில்லே வரவில்லை. சொந்த வண்டியாக இருந்திருந்தால் அந்த மாதக் கணக்கே கவிழ்ந்திருக்கும். இந்த நிம்மதிக்குப் பணம் கொடுப்பது தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். எங்கள் கணக்கின் விகிதத்தை அப்படியே வைத்து, வேனின் விலை மட்டும் 1,00,000 என்று கொள்வோம். ஒப்பந்தம் 48 மாதம், 1,20,000 கிலோமீட்டர். முடிவில் வண்டி 40,000-க்கு விற்கும் என்று கம்பெனி கணித்தது. ஆக மதிப்பில் குறைவது 60,000, மாதத்துக்கு 1,250. வட்டி முழு விலைக்கும் கிடையாது. வாங்கிய விலைக்கும் கடைசி மதிப்புக்கும் சராசரியான 70,000-க்கு வருடம் 6 சதவீதம் என்றால் மாதம் 350. பராமரிப்புக்கு மொத்தம் 18,000 ஒதுக்கினார்கள், மாதம் 375. டயருக்கு 4,800, மாதம் 100. மாற்று வண்டிக்கும் நிர்வாகத்துக்கும் 125. கூட்டினால் மாத வாடகை 2,200. 48 மாதத்துக்கு 1,05,600. இதை 1,20,000-ஆல் வகுத்து, "கிலோமீட்டருக்கு 0.88" என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

அந்த 0.88 ஒரே ஒரு இடத்தில்தான் உண்மை: வண்டி சரியாக 1,20,000 ஓடினால். உள்ளே இருக்கும் பெரும்பாலான செலவு மாதக்கணக்கில் ஓடுவது, வண்டி நின்றாலும் நிற்காது. சக்கரம் சுற்றச் சுற்றக் கூடுவது பராமரிப்பின் 0.15, டயரின் 0.04, பிறகு விற்பனை மதிப்பில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பராமரிப்பின் அந்த 0.15 கூட ஒரு சராசரி. முதல் 60,000 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் தாண்டிப் பெரிதாக எதுவும் வராது. பிரேக் டிஸ்க், டைமிங் பெல்ட் எல்லாம் இரண்டாம் பாதியில்தான் வரிசையாக வரும். நடுவில் ஒப்பந்தத்தை முறித்தால், வராத செலவுக்கும் சேர்த்துக் கட்டியிருப்போம்.

எங்கள் வேன்களில் ஆறு தூரத்து வழியில் ஓடின, ஆறு பக்கத்து வழியில். கடைசியில் முதல் ஆறும் 1,50,000 காட்டின, மற்ற ஆறும் 90,000. எல்லாவற்றையும் கூட்டினால் 14,40,000. ஒப்பந்தத்தில் 12 வண்டிக்கும் சேர்த்து வாங்கிய தூரமும் அதேதான். ஒரு கிலோமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் பில் வண்டி வண்டியாக வந்தது. கூடுதலாக ஓடிய கிலோமீட்டருக்கு 0.30 வாங்கினார்கள், குறைந்ததற்கு 0.10 மட்டும் திருப்பித் தந்தார்கள். ஆறு வண்டிக்கு 9,000 வீதம் 54,000 கட்டச் சொல்லி, மற்ற ஆறுக்கு 3,000 வீதம் 18,000 கழித்தார்கள். மிச்சம் 36,000. ஒரு வேனின் 16 மாத வாடகைக்கும் மேல்!

நியாயமாகப் பார்த்தால் 0.30-ஐ நான் குறை சொல்ல முடியாது. பராமரிப்பு, டயர் போக 0.11 மிஞ்சுகிறது. 1,50,000 ஓடிய வேன் விற்பனையில் குறைந்த விலைக்குத்தான் போகும், 1,20,000-க்குப் பிறகு ரிப்பேரும் அடிக்கடி வரும். கூடுதல் பில்லையும் சேர்த்தாலும் தூரம் ஓடிய வேனுக்கு மொத்தத்தில் கிலோமீட்டருக்கு 0.76தான் ஆயிற்று. குறைவாக ஓடிய வேனுக்குத்தான் 1.14. பில் வந்த வண்டிதான் மலிவு! இது புரிந்த பிறகும் கோபம் தணியவில்லை. ஏனென்றால் எல்லா வண்டியின் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதியிருந்தால் இந்த 36,000 வந்தே இருக்காது. அப்படி ஒன்று இருப்பதாகக் கையெழுத்துப் போடும்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

டயரில் நடந்தது அதைவிட மோசம். டயர் ஒரு செட் 40,000 ஓடும் என்பது கணக்கு. முதல் செட் வண்டியோடு வருகிறது, 40,000-இலும் 80,000-இலும் மாற்ற வேண்டும். ஆக 1,20,000-க்கு இரண்டு செட், 8 டயர், ஒரு டயர் 600. இப்படித்தான் 4,800 வந்தது, 0.04-உம் வந்தது. தூரத்து வேன்களுக்கு 1,20,000-இல் மூன்றாவது செட் தேவைப்பட்டது. ஒப்பந்த இணைப்பில் "8 டயர் வரை" என்று இருந்ததால், அந்தச் செட்டுக்கு வண்டிக்கு 2,400 தனியாகப் பில் போட்டார்கள். சரி என்று கட்டினோம். பிறகு முடிவில் வந்த 0.30-க்குள்ளேயும் டயருக்கான 0.04 உட்கார்ந்திருந்தது. அதாவது அதே 30,000 கிலோமீட்டருக்கு டயர் காசு இரண்டு முறை.

இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். 0.30 எப்படி வந்தது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். மூன்று வாரம் இழுத்தார்கள். தாள் வந்ததும், டயர் வரியை மூன்றாவது செட்டின் பில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வண்டிக்கு 1,200 வீதம் 7,200 திரும்ப வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்காது.

எங்கள் பக்கமும் தவறு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 24-ஆவது மாதத்தில் தூரத்து வேனையும் பக்கத்து வேனையும் வழி மாற்றி விட்டிருந்தால், பன்னிரண்டும் 1,20,000 அருகில் வந்து நின்றிருக்கும். முதல் வருட முடிவிலேயே ஓடோமீட்டர்கள் 37,000 என்றும் 23,000 என்றும் பிரிந்துவிட்டன. 30,000 இருந்திருக்க வேண்டிய நேரம் அது. அப்போதே ஒப்பந்தத் தூரத்தை மாற்றி வாடகையைத் திருத்தச் சொல்லியிருக்கலாம், அதற்கு ஒப்பந்தத்தில் இடமும் இருந்தது. மாதாமாதம் ரீடிங் அனுப்பிக்கொண்டிருந்தோமே தவிர, அதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

நண்பரிடம் சொன்னது இதுதான்: 0.88 மாதிரி எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். உங்கள் வண்டி உண்மையில் ஓடப்போகும் தூரத்துக்கு, கூடினால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு என்று இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். கூடுதல் கிலோமீட்டர் விலையை உடைத்துக் கேளுங்கள். டயர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறதா என்று இணைப்பைப் படியுங்கள்.

புது ஒப்பந்தத்தின் வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. மாற்று வண்டி விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கியர்பாக்ஸையும் நான் மறக்கவில்லை. ஆனால் எல்லா வண்டியின் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த வரி இந்த வரைவிலும் இல்லை. அதை எழுதித் தராவிட்டால் அடுத்த 12 வேனையும் சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.