கொட்டேஷனை விட்டுவிட்டு அதன் சுருக்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட கதை

மேடவாக்கம் பக்கத்தில் புது ஃபிளாட், இரண்டு பெட்ரூம். கிச்சனுக்கும் வார்ட்ரோபுக்கும் ஓர் இன்டீரியர் நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். பெயர் வேண்டாம், இந்த வித்தை அவர்களிடம் மட்டும் இருப்பதில்லை. கொட்டேஷன் 11 பக்கம் வந்தது. கூடவே அவர்களின் சேல்ஸ் பையன் வாட்ஸப்பில் நாலே வரியில் ஒரு சுருக்கம் அனுப்பினான். "பதினோரு பக்கம் படிக்க உங்களுக்கு எங்க சார் நேரம்? முக்கியமானது எல்லாம் இதுலயே இருக்கு."

கிச்சன்: 710 வாட்டர்புரூஃப் பிளை. வார்ட்ரோப்: சதுர அடி 1,250 ரூபாய். மொத்தம்: 5,40,000. பேமென்ட்: 10, 50, 35, 5.

இந்த நாலு வரியில் ஒன்றைக்கூடப் பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முதலில் பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை, கடையில் பி.டபிள்யூ.பி. என்பார்கள். அதன் துண்டை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் பசை விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். கிரேடு வேறு ரகம். மழைக்காலத்துக் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. பெட்ரூம் அலமாரிக்கு அது போதும். கொட்டேஷனின் ஏழாம் பக்கத்தில் சிங்க் யூனிட்டுக்கு மட்டும் 710 என்றும் மற்ற கீழ் யூனிட்டுகளுக்கு எம்.ஆர். என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். சுருக்கத்தில் அது "கிச்சன்: 710" ஆகிவிட்டது. கிச்சனில் 710 பிளை இருக்கிறதா என்றால் இருக்கிறதுதான், ஒரு பெட்டியில்.

ஏழு மாதம் கழித்து வாட்டர் ஃபில்டரின் கழிவுக் குழாய் சிங்க்குக்கு அடியில் கசிந்தது. சிங்க் யூனிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குழாய் போவதற்குப் பக்கப் பலகையில் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் அடுத்த டிராயர் பெட்டிக்குள் போய்த் தேங்கியிருக்கிறது. அதன் அடிப்பலகை அப்பளம்போல் உப்பி, ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டை பிளந்து, விரலை விட்டால் அடுக்கு அடுக்காகக் கையோடு வந்தது. பார்க்க வந்த ஆசாரி அண்ணன் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்துவிட்டு, "இது எம்.ஆர். தம்பி. தண்ணி பக்கத்துல இதைப் போடவே கூடாது" என்றார். லேமினேட் ஒட்டிய பிறகு நம்மால் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். கதவுக் கீலைக் கழற்றி அதன் வட்டக் குழிக்குள் பார்த்தால் பிளையா, மரத்தூள் பலகையா என்று தெரியுமாம். கிரேடு தெரியாது. அதற்கு, வெட்டுவதற்கு முன்னால் முழு ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் ஐ.எஸ். எண்ணையும் பார்க்க வேண்டும். முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். ஃபேக்டரியில் வெட்டி ஒட்டி வரும் சரக்கில் அந்த முத்திரை உள்ளே புதைந்து போயிருக்கும்.

பிராண்ட் பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஒரே கம்பெனி எம்.ஆரும் விற்கும், 710-உம் விற்கும்.

அடுத்தது அளவு, எனக்கு வயிறெரிந்தது இதில்தான். வார்ட்ரோப் ஆறடி அகலம், ஏழடி உயரம். ஆறேழு நாற்பத்திரண்டு. சதுர அடி 1,250 என்றால் 52,500 என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேலை முடிந்து அளந்தபோது 56 சதுர அடி, 70,000 ரூபாய் என்றார்கள். வார்ட்ரோபின் ஒரு பக்கம் சுவரை ஒட்டாமல் வெளியே தெரிகிறது. அந்தப் பக்கம் இரண்டடி ஆழம், ஏழடி உயரம், ஆக 14 சதுர அடி. "வெளியே தெரியும் பக்கங்கள் தனியாக அளக்கப்படும்" என்று பத்தாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கொஞ்சம் பாருங்கள். முன்பக்க அளவுக்குச் சதுர அடி 1,250 என்றால் அந்த விலைக்குள் கதவு, உள்ளே தட்டுகள், பின்பலகை, கீல், கைப்பிடி, பக்கப் பலகை எல்லாமே அடங்கியிருக்கிறது. பெட்டி என்றால் பக்கம் இல்லாமலா இருக்கும்? வெளியே தெரியும் பக்கத்துக்குக் கூடுதலாகச் செய்த வேலை, அழகான லேமினேட் ஒட்டியது மட்டும்தான். ஒரு லேமினேட் ஷீட் எட்டுக்கு நாலு, 32 சதுர அடி. அதில் பாதிகூட ஆகாத துண்டுக்கு முழு அலமாரியின் விலையைப் போட்டு 17,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். சிலர் எல்லாப் பலகையையும் தனித்தனியாக அளந்து, சதுர அடி விலையைக் குறைத்துப் போடுவார்கள். அதுவும் ஒரு முறைதான், தப்பில்லை. ஒரு முறையின் விலையை எடுத்து இன்னொரு முறையின் அளவோடு பெருக்குவதுதான் தப்பு.

கிச்சனிலும் ஏறக்குறைய இதே கதை. எங்களுடையது எல் வடிவம், ஒரு சுவர் பத்தடி, இன்னொன்று ஏழடி. ரன்னிங் ஃபீட் கணக்கில் 17 போட்டார்கள். மூலையில் இருக்கும் இரண்டடி இரண்டு சுவரிலும் எண்ணப்பட்டிருக்கிறது. உண்மையில் 15 அடிதான்.

சரி, சண்டை போடலாமே என்றால் கையில் பணம் இருக்க வேண்டும், அவர்கள் கையில் இல்லை, நம் கையில். சுருக்கத்தில் இருந்த 10, 50, 35, 5 எப்போது எப்போது என்பதை நான் கேட்கவே இல்லை. புக்கிங்கில் 10, டிராயிங்குக்கு ஓகே சொன்னதும் 50, ஃபேக்டரியிலிருந்து சரக்கு கிளம்புவதற்கு முன் 35. அதாவது ஒரு பலகைகூட என் வீட்டு வாசலுக்கு வராத நிலையில் 95 சதவீதம் போய்விட்டது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சுருக்கத்தில் இல்லை. அதைச் சேர்த்தால் மொத்தம் 6,37,200. அதில் என்னிடம் மிச்சம் இருந்தது 31,860 ரூபாய். கூடுதல் பில்லைக் கட்டினால்தான் ஹேண்டோவர் லெட்டர், அது இருந்தால்தான் வாரண்டி என்றார்கள். கட்டினேன்.

போன மாதம் எதிர் ஃபிளாட்காரர் அவருடைய கொட்டேஷனை எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் உட்கார்ந்து நாங்களே ஒரு சுருக்கம் எழுதினோம், ஒவ்வொரு வரிக்கும் பக்க எண்ணோடு. கிச்சன் என்று ஒரே வரியாக எழுதாமல் பெட்டி பெட்டியாக, பாடிக்கு என்ன பலகை, கதவுக்கு என்ன, பின்பலகைக்கு என்ன, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதினோம். "அல்லது அதற்குச் சமமானது" என்று மூன்று இடத்தில் இருந்தது, மூன்றையும் வட்டம் போட்டோம். விலைக்குப் பக்கத்தில் எதை அளக்கிறார்கள், மூலையை எத்தனை முறை எண்ணுகிறார்கள், லாஃப்டும் தெரியும் பக்கமும் உள்ளேயா வெளியேயா என்று எழுதினோம். பேமென்டில் சதவீதத்துக்குப் பதில், அந்தப் பணத்தைக் கொடுக்கும் நாளில் வீட்டுக்குள் என்ன இருக்கும் என்று எழுதினோம். இரண்டாம் தவணை வரைக்கும் "ஒன்றுமில்லை" என்றுதான் எழுத வேண்டியிருந்தது.

அதை அவர் தன் சேல்ஸ் ஆளுக்கு அனுப்பி, "இதற்கு ஓகே என்று மெயிலில் பதில் போடுங்கள், அட்வான்ஸ் அனுப்புகிறேன்" என்றார். நாலு நாள் பதிலே இல்லை. ஐந்தாம் நாள் திருத்திய கொட்டேஷன் வந்தது. கடைசித் தவணை 5 சதவீதத்திலிருந்து 15 ஆகியிருந்தது, கீழ் யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் 710. மொத்தத்தில் 22,000 ரூபாய் ஏற்றியிருந்தார்கள். அவர் அதற்குச் சரி என்றுவிட்டார். எனக்கு அந்த டிராயர் பெட்டியை மாற்ற மட்டும் ஆசாரி அண்ணன் 14,000 வாங்கினார்.