குரல்நாண் முடிச்சு: அறுவை சிகிச்சையா, குரல் பயிற்சியா?

விளையாடும்போதெல்லாம் கத்தும் 8 வயதுப் பையன். காலையில் ஓரளவு தெளிவாக இருக்கும் குரல், மாலையில் கரகரத்துக் காற்றாகப் போகிறது. சில மாதங்களாக இப்படித்தான். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்க்கிறார். இரண்டு குரல்நாண்களிலும் நேருக்கு நேராகச் சிறு தடிப்பு. நாண்கள் பலமாக மோதுமிடத்தில் விழும் காய்ப்பு அது, இதைத்தான் முடிச்சு என்கிறார்கள், புற்று அல்ல.

அறுவை சிகிச்சை தடிப்பை உடனே நீக்கும். ஆனால் மயக்க மருந்து வேண்டும், நாணில் தழும்பு விழலாம், கத்தல் தொடர்ந்தால் முடிச்சு திரும்பவும் வரலாம். குழந்தைகளுக்கு இதை அபூர்வமாகத்தான் செய்வார்கள்.

பயிற்சி மெதுவானது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். வெறும் "கத்தாதே" பலிக்காது, பதிலுக்கு ஒரு வழி வேண்டும்: தூரத்து நண்பனைக் கூப்பிடக் கைதட்டு, அல்லது கிட்டே போய்ப் பேசு. அப்புறம் ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, குமிழி வர "ஊ" என்று குரலோடு ஊதுவது. வாய்க்குள் எழும் எதிரழுத்தத்தால் நாண்கள் மெதுவாகத் தொட்டு அதிரும். அந்த இதமான குரலைப் பிறகு சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் கொண்டுபோவார்கள். வீட்டில் டிவி சத்தத்தையும் குறைக்கவேண்டும் (இதைத்தான் பெரியவர்கள் மறப்பார்கள்).

என் ஓட்டு பயிற்சிக்கே. ஆனால் மூச்சு விடும்போது சத்தமோ திணறலோ இருந்தால் பயிற்சி என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அது முடிச்சாக இல்லாமலிருக்கலாம்.