அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை: விடுப்பா, குறைந்த நேர வேலையா, நான்கு நாள் வாரமா?

வீட்டில் பெற்றோருக்கு அறுவைச் சிகிச்சை என்றதும் நம்மில் பலர் முதலில் செய்வது, எத்தனை நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். நான் முதலில் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன்: எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும்? இதற்கு விடை தெரியாமல் மேலாளரிடம் போனால், உங்களுக்குப் பொருந்தாத ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு பெண், ராஃபிள்ஸ் பிளேஸில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். மாதச் சம்பளம் 4,400 வெள்ளி, வாரத்திற்கு ஐந்து நாள், 40 மணி நேரம். மாதத்தில் 22 வேலை நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் 200 வெள்ளி. ஆண்டு விடுப்பில் 11 நாள் மிச்சம். அம்மாவுக்கு ஒரு திங்கட்கிழமை முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் ஒன்றரை வாரம் எழுப்பி நடத்த, குளிக்க வைக்க, கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல எப்போதும் ஒருவர் பக்கத்தில் வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை, வாரத்தில் இரண்டு காலைகள் பிசியோதெரபி.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தனியார் துறையில் பெற்றோரைக் கவனிப்பதற்கென்று சட்டப்படியான தனி விடுப்பு சிங்கப்பூரில் இல்லை. இளம் பிள்ளைகளுக்கு இருக்கிறது, வயதான அம்மாவுக்கு இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே கொடுக்கின்றன. எதிர்பாராத பராமரிப்புத் தேவைகளுக்குச் சம்பளமில்லா விடுப்பு தருவதற்கான முத்தரப்புத் தரநிலையை ஏற்றுக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. மனிதவளப் பிரிவிடம் இதைக் கேட்டுவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் கையில் இருப்பது ஆண்டு விடுப்பு மட்டுமே.

அந்த 11 நாளையும் பலர் திங்கட்கிழமையே எடுக்கத் தொடங்குவார்கள். அம்மா மருத்துவமனைப் படுக்கையில், தாதியரின் கவனிப்பில் இருக்கும் மூன்று நாட்களுக்கும் விடுப்பு போய்விடும். மனம் கேட்காது என்பது எனக்குப் புரிகிறது. அறுவைச் சிகிச்சை நாளன்று அங்கே இருக்கத்தான் தோன்றும். ஆனால் மாலையில் வேலை முடிந்து போய்ப் பார்த்துக்கொண்டு, வியாழக்கிழமை விடுப்பைத் தொடங்கினால் கணக்கு இப்படி அமைகிறது: வியாழன், வெள்ளி இரண்டு நாள், அடுத்த வாரம் ஐந்து நாள், மீதம் நான்கு நாள். பிசியோதெரபி எட்டு காலைகள், அதாவது எட்டு அரை நாள். சரியாக நான்கு நாள். ஆறு வாரமும் கடந்துவிடுகிறது, சம்பளத்தில் ஒரு வெள்ளிகூடக் குறையவில்லை.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அரை நாள் விடுப்பை நிறுவனம் அனுமதிக்க வேண்டும். எந்தெந்த நாள் என்பதற்கு மேலாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். விலையும் உண்டு: ஆண்டின் மிச்சப் பகுதியில் கைவசம் ஒரு நாள்கூட இராது.

இப்போது குறைந்த நேர வேலை. மூன்றாம் வாரம் முதல் நான்கு வாரங்களுக்கு வேலையை 80 சதவீதமாகக் குறைக்கக் கேட்டால், நான்கு நாள் சம்பளமான 800 வெள்ளி போகும். குடியுரிமை உள்ளவராகவோ நிரந்தரவாசம் பெற்று இரண்டு ஆண்டு முடிந்தவராகவோ இருந்து, வயதும் 55-ஐத் தாண்டாதிருந்தால், முதலாளி மத்திய சேம நிதியில் போடும் 17 சதவீதமும் அந்தத் தொகைக்குக் கிடைக்காது. அது 136 வெள்ளி. கிடைக்கும் நேரமோ, எட்டு அரை நாள் விடுப்பில் கிடைத்த அதே நேரம்தான். ஆகவே விடுப்பு மிச்சம் இருக்கும்போது வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வது, கையில் இருக்கும் பொருளைப் பணம் கொடுத்து மறுபடியும் வாங்குவது. விடுப்பு தீர்ந்தவர்களுக்கோ, ஆண்டு முடியுமுன் இன்னோர் அவசரம் வரும் என்று அறிந்தவர்களுக்கோதான் அது பொருந்தும்.

தேவை தினசரியாக இருந்தால் நிலைமை மாறுகிறது. பக்கவாதத்திற்குப் பிறகு பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்குப் போகும் அப்பா ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார். அப்போது வீட்டில் ஆள் வேண்டும். இங்கே முழுநாள் விடுப்பு வீண். தினமும் ஆறு மணி நேர வேலை, 75 சதவீதச் சம்பளம் என்பது நியாயமான தேர்வு. அதற்கும் முன்னால், காலை ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கிச் சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். அதற்குச் சம்பள வெட்டே இல்லை.

குறைந்த நேர வேலையில் அடிக்கடி நடக்கும் கேடு ஒன்று உண்டு. நேரமும் சம்பளமும் குறைகின்றன, வேலை குறைவதில்லை. மாத இறுதிக் கணக்கு முடிப்பை யார் பார்ப்பார் என்று முதலிலேயே பெயரோடு எழுதாவிட்டால், இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்து அதை நீங்கள்தான் முடிப்பீர்கள். முதல் வாரத்திலேயே அப்படி நடந்தால், அந்த ஏற்பாடு தோற்றுவிட்டது என்று அறியுங்கள்.

நாற்பது மணி நேரத்தை நான்கு நாளில் முடித்துவிடும் வாரம் கேட்க இனிக்கிறது: முழுச் சம்பளம், ஒரு நாள் ஓய்வு. நம் உதாரணத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மணி நேர வேலை, ஒரு மணி உணவு இடைவேளை, போக வர இரண்டு மணி நேரம். காலை ஏழுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. மூன்றாம் வாரத்தில் இருக்கும் அம்மா வாரத்தில் நான்கு நாள், பதின்மூன்று மணி நேரம் தனியாக இருப்பார். பிசியோதெரபி இரண்டு நாள். கிடைப்பதோ ஒரு நாள். இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது. மற்ற நாட்களைத் தம்பியோ பணிப்பெண்ணோ பார்த்துக்கொள்ள, வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உங்களுடையது என்றால் இதைவிடச் சிறந்தது வேறில்லை.

அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேற்படாத அலுவலக ஊழியருக்கு வேலை நியமனச் சட்டத்தின் வேலைநேர விதிகள் பொருந்தும். வாரத்தில் ஐந்து நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை செய்பவருக்கு வழக்கமான வேலை நேரம் நாளுக்கு ஒன்பது மணிவரைதான். பத்தாவது மணி மிகைநேர வேலையாகிவிடும். முதலாளி தயங்க அதுவே போதும். அத்தகைய ஊழியர்கள் இரண்டு வார வேலையை ஒன்பது நாளில் முடிக்கக் கேட்கலாம்; நாளுக்கு ஒன்பது மணிக்குச் சற்றுக் குறைவாகவே வரும்.

எதைக் கேட்டாலும் காலம் பார்த்துக் கேளுங்கள். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்தவர் எழுத்தில் கோரலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நம் உதாரணத்தில் தேவையே ஆறு வாரம்தான்! அறுவைச் சிகிச்சைத் தேதி கிடைத்த அன்றே எழுதினால்தான் பதில் உரிய நேரத்தில் வரும். அப்பா திடீரென்று விழுந்துவிட்டார் என்றால், உடனே விடுப்பை எடுங்கள். அந்த நாட்களில் மேலாளரிடம் நேரில் பேசி அடுத்த வாரங்களுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கடிதத்தில் எந்த ஏற்பாடு, வாரத்தில் எத்தனை முறை, என்ன காரணம், எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி முடியும் என்பவை இருக்கட்டும். முடிவுத் தேதிக்குப் பிறகு பழைய நேரமும் சம்பளமும் திரும்பும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவான வேலை பகுதிநேர வேலையாகக் கருதப்படும். அதில் விடுப்பும் விகிதப்படி குறையும். நான்கு நாள் வாரமென்றால், பொது விடுமுறை உங்களுக்கு வேலையில்லாத அந்த வாரநாளில் விழுந்தால் மாற்று நாளா சம்பளமா என்றும், ஒரு நாள் விடுப்பு எத்தனை மணி நேரமாகக் கழிக்கப்படும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் சம்பளம் குறையும் எந்த ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளுமுன், மனிதவள அமைச்சு விதிகளை நிறுவனம் சரிபார்த்துவிட்டதா என்று கேட்க வேண்டும். அட்டை, அறிவித்த சம்பளத்தோடு கட்டப்பட்டது. அவர்களுக்கு விடுப்போ நான்கு நாள் வாரமோதான் பாதுகாப்பு.

முதலாளி மறுக்கலாம், ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று விதியில்லை. ஆனால் செலவு, உற்பத்தித்திறன், நடைமுறைச் சாத்தியம் போன்ற தொழில் காரணத்தை அவர் சொல்ல வேண்டும். "ஆட்கள் கண்முன் இருந்தால்தான் எனக்குத் திருப்தி" என்பது காரணமாகாது. அப்படிப் பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூடவே, மறுக்கப்பட்ட ஏற்பாட்டுக்குப் பதிலாக எட்டு அரை நாள் விடுப்புக்கான தேதிகளையும் அதே மின்னஞ்சலில் வையுங்கள்.