கிக்ஸ்டார்ட்டரில் பணம் போடுவது: போர்டு கேமா, வீடியோ கேமா?

பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒரு போர்டு கேமுக்குப் பணம் போடுவதும் வீடியோ கேமுக்குப் பணம் போடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டிலும் நிதி இலக்கை எட்டினால் மட்டுமே கார்டிலிருந்து பணம் போகும். ஆனால் இவை தாமதமாகிற இடம் வேறு, கவிழ்ந்தால் நம் கையில் மிஞ்சுவதும் வேறு. எதில் எவ்வளவு போடலாம் என்பது அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது.

முதலில் இரண்டுக்கும் பொதுவான விதி. கிக்ஸ்டார்ட்டர் கடை இல்லை. ஒப்பந்தம் நமக்கும் கேமை உருவாக்குபவருக்கும் இடையில்தான். தளம் பணத்தைத் திருப்பித் தராது. திட்டம் நின்றுபோனால், பணம் எப்படிச் செலவானது என்று அவர் கணக்குச் சொல்லி, மிச்சம் இருப்பதைத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மாலிக் 2015-ல் செய்த ஆய்வின்படி, நிதி கிடைத்த கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் ஏறக்குறைய 9 சதவீதம் சொன்னதைக் கொடுக்கவே இல்லை. வெறும் தாமதங்கள் இந்தக் கணக்கில் வராது.

இனி போர்டு கேம். பணம் திரட்டும் பிரசாரம் தொடங்கும்போதே கேம் பெரும்பாலும் தயாராக இருக்கும். மாதிரிப் பெட்டியைப் பலர் ஆடிப் பார்த்திருப்பார்கள், விதிப்புத்தகம் படிக்கக் கிடைக்கும். நாம் தரும் பணம் அச்சுக்கும், பிளாஸ்டிக் உருவங்களின் மோல்டுக்கும், கப்பலுக்கும் போகிறது. ஆகவே தாமதமும் பெரும்பாலும் அங்கேதான் வரும்: அச்சுக்குப் போகும் கோப்பில் திருத்தம், தொழிற்சாலை மாதிரியில் நிறம் மாறுவது, துறைமுகத்தில் காத்திருப்பது. 2020-ல் ஃப்ராஸ்ட்ஹேவன் என்ற போர்டு கேம் கிட்டத்தட்ட 1 கோடியே 30 லட்சம் டாலர் திரட்டியது. 2021 மார்ச் என்று சொல்லப்பட்ட பெட்டி, 2022 இறுதியிலிருந்துதான் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. அனுபவமுள்ள பதிப்பாளர், பணத்துக்கும் குறைவில்லை, இருந்தும் இந்த நிலை.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. பணம் இன்று வருகிறது, கப்பல் செலவோ ஒன்றரை வருடம் கழித்து வருகிறது. ஒரு உதாரணக் கணக்கு: ஒரு கண்டெய்னரில் 1,000 பெரிய பெட்டிகள் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 3,000 டாலர் என்றால் பெட்டிக்கு 3 டாலர். அதுவே 15,000 ஆனால் பெட்டிக்கு 15 டாலர். 5,000 பெட்டி விற்றவருக்குக் கூடுதல் செலவு 60,000 டாலர், அதுவும் வாங்கியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த பிறகு. 2021-ல் கண்டெய்னர் வாடகை உண்மையிலேயே இப்படிப் பல மடங்கு ஏறியது. டார்க்கஸ்ட் டஞ்சன் போர்டு கேமை நடத்திய மிதிக் கேம்ஸ், பணம் போட்டவர்களிடமே 2022-ல் கூடுதல் தொகை கேட்டது. ஆகவே பெட்டி எவ்வளவு கனமோ அவ்வளவு ஆபத்து. சீட்டுக்கட்டு அளவில் இருக்கும் கேமுக்கும் எட்டு கிலோ உருவப்பெட்டிக்கும் ஒரே அளவு நம்பிக்கை வைக்கக் கூடாது.

வீடியோ கேமில் நம் பணம் கேமை உருவாக்கவே போகிறது, அதாவது சம்பளத்துக்கு. பிரசாரத்தின்போது கையில் இருப்பது ஒரு டிரெய்லரும் சில படங்களும் மட்டுமாக இருக்கலாம். எவ்வளவு வேலை பாக்கி என்று உருவாக்குபவருக்கே தெரியாது. நிறையப் பணம் வந்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், நடப்பதோ நேர்மாறு. 2012-ல் டபுள் ஃபைன் என்ற நிறுவனம் 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சத்துக்கு மேல் பெற்றது. கேமின் அளவும் கூடவே வளர்ந்தது. அந்த வருட அக்டோபரில் வர வேண்டிய பிரோக்கன் ஏஜின் முதல் பாதி 2014 ஜனவரியிலும் இரண்டாம் பாதி 2015 ஏப்ரலிலும் வந்தன. முதல் பாதியை விற்றுத்தான் மீதியை முடிக்க முடிந்தது.

இதே வளர்ச்சி நல்லபடியாகவும் முடிவதுண்டு. ஹாலோ நைட் 2014-ல் திரட்டியது வெறும் 57,000 ஆஸ்திரேலிய டாலர். 2015-ல் வர வேண்டியது 2017 பிப்ரவரியில் வந்தது, காத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். அதில் கூடுதல் கதாபாத்திரமாகத் தருவதாகச் சொல்லப்பட்ட ஹார்னெட் தனி கேமாகவே வளர்ந்து, 2025 செப்டம்பரில் சில்க்சாங் என்று வெளியானது. அன்று ஆதரித்தவர்களுக்கு அது இலவசம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

சரி, திட்டம் கவிழ்ந்தால்? அட்லாண்டிக் சிட்டிக்கு அழிவு வரும் கதையைக் கொண்ட ஒரு போர்டு கேம், 2012-ல் 35,000 டாலர் கேட்டு 1,246 பேரிடம் 1,22,874 டாலர் பெற்றது. பல மாதங்கள் வேலை நடப்பதாகவே செய்திகள் வந்தன. 2013 ஜூலையில் திட்டம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. பணத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கும் வேறொரு திட்டத்துக்கும் போயிருந்தது என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. கிரவுட்ஃபண்டிங் தொடர்பாக அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை இதுதான். 2015-ல் திட்டத்தை நடத்தியவர் 1,11,793 டாலர் கட்ட வேண்டும் என்று முடிவானது, ஆனால் அவரால் கட்ட முடியாது என்பதால் அது நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் வரை போயும் அதன்மூலம் யாருக்கும் பணம் திரும்பவில்லை.

ஆனாலும் பணம் போட்டவர்களுக்குக் கேம் கிடைத்தது. வடிவமைப்பு முடிந்திருந்ததால், கிரிப்டோசோயிக் என்ற பதிப்பகம் அதை அச்சிட்டு, ஆதரவாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. கவிழ்ந்த போர்டு கேமை இன்னொருவர் எடுத்து நடத்த வழி இருக்கிறது. பாதியில் நின்ற வீடியோ கேமுக்கு அது மிக அரிது. புராஜெக்ட் ஃபீனிக்ஸ் 2013-ல் 10 லட்சம் டாலர் தாண்டியது, 2015-ல் வருவதாக இருந்தது, வரவே இல்லை. அரைகுறை நிரலை வைத்துப் பெரும்பாலும் யாரும் எதுவும் செய்ய முடியாது.

ஒழுங்காக முடிந்தாலும் கைக்கு வருவது வேறுபடும். போர்டு கேமில் ப்ளெட்ஜ் தொகை, அதாவது பிரசாரத்தில் நாம் போடும் தொகை, முழுத்தொகை இல்லை. அனுப்பும் செலவும் வரியும் பல மாதம் கழித்து, முகவரி கேட்கும் கட்டத்தில் தனியாக வரும். அது விலையில் பாதியைத் தொடுவதும் உண்டு. ஆனால் பெட்டி நம்முடையது, பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். வீடியோ கேமில் வருவது கேமைத் தரவிறக்க ஒரு கீ, அதுகூடச் சொன்ன இடத்துக்கு வராமல் போகலாம். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் தருவதாகச் சொல்லியிருந்த ஷென்மூ 3, 2019-ல் அதன் போட்டியாளரான எபிக் ஸ்டோருக்குத் தனி விற்பனை உரிமை கொடுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகே பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

என் தேர்வு போர்டு கேம் பக்கம்தான். முன்பு ஒரு கேமையாவது அனுப்பி முடித்த பதிப்பாளர், முழு விதிப்புத்தகம், சிறிய பெட்டி: இந்த மூன்றும் இருந்தால் போடலாம். அப்புறம் வரும் அப்டேட்களில் தொழிற்சாலை மாதிரியின் படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படமே இல்லாமல் "விரைவில்" மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டிய நேரம். 2024-லிருந்து பிரசாரம் முடிந்த பிறகும் பணம் போட கிக்ஸ்டார்ட்டர் வழி தருகிறது. உருவாக்குபவர் அதைத் திறந்து வைத்திருந்தால், சில மாத அப்டேட்களைப் படித்துவிட்டே முடிவெடுக்கலாம்.

வீடியோ கேமுக்கு ஆடிப் பார்க்கும் டெமோ இருந்தால் மட்டும், அதுவும் சின்னத் தொகை. மற்றபடி, இன்னும் முடியாத கேமை விற்கும் ஸ்டீம் எர்லி ஆக்சஸ் வரை காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. அங்கேயும் கேம் முடிவடையாமல் நிற்கலாம். ஆனால் வாங்கும் நாளிலேயே ஆட ஏதோ ஒன்று இருக்கும், 14 நாளுக்குள் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணமும் திரும்பும்.