சிசிஐ +100-ஐ ஆர்எஸ்ஐ 70 என்று நினைத்து ஏமாந்த கதை

விலை தன் சராசரியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும் சிசிஐ காட்டியை ஏழு ஆண்டுகளாக நாள் சார்ட்டில், 20 நாள் கணக்கில் வைத்திருக்கிறேன். முதல் ஓராண்டு அதைத் தலைகீழாகப் படித்தேன். ஏற்ற இறக்கங்களின் பலத்தை 0 முதல் 100 வரை அளக்கும் ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறார்கள், இனி இறங்கும் என்று பழகிய கண்ணுக்கு, +100 கோடும் அதேபோலத்தான் தெரிந்தது. கோட்டைத் தாண்டியவுடன் விற்றேன். விலையோ நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. என் தரகு நிறுவனத்தின் உதவிக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்பது ஓர் ஆறுதல், அவ்வளவுதான்.

1980-இல் இதை அறிமுகப்படுத்திய டொனால்ட் லாம்பர்ட் சொன்னது நேர் எதிர். +100-ஐ மேல்நோக்கிக் கடந்தால் வாங்கு, மறுபடி அதற்குக் கீழே வந்தால் வெளியேறு. −100-க்குக் கீழே போனால் விற்பனை, திரும்பி மேலே வந்தால் அதை மூடு. அவருக்கு அந்தக் கோடு போக்கு தொடங்கும் வாசல். நான் அதை முடியும் இடமாக நினைத்தேன். ஏன் என்பது சூத்திரத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

```
TP  = (High + Low + Close) / 3
CCI = (TP - SMA(TP, 20)) / (0.015 * MD)
```

TP என்பது அன்றைய உச்சம், தாழ்வு, முடிவு விலைகளின் சராசரி. SMA என்பது அந்த TP-யின் 20 நாள் எளிய சராசரி. MD என்பது அந்த 20 நாள் விலைகள் தங்கள் சராசரியிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது. ஆக, இன்றைய விலை தன் சராசரியை விட்டு, வழக்கமான விலகலைப் போல எத்தனை மடங்கு தள்ளி நிற்கிறது என்பதைத்தான் சிசிஐ சொல்கிறது. 0.015 என்ற எண், பெரும்பாலான அளவீடுகள் ±100-க்குள் விழும்படி லாம்பர்ட் வைத்த அளவுகோல். ஆர்எஸ்ஐக்குச் சராசரி விலை எது என்பதே தெரியாது. கடந்த 14 நாட்களில் ஏற்றங்களும் இறக்கங்களும் எந்த விகிதத்தில் இருந்தன என்று மட்டுமே அது பார்க்கிறது. அதுவும் முடிவு விலையை வைத்து.

இந்த வேறுபாட்டை ஒரு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு பொருளின் விலை நாளுக்கு ஒரு புள்ளி வீதம் 20 நாள் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20-ஆம் நாளில் சிசிஐ 126.7. நாளுக்கு ஒரு புள்ளிக்குப் பதில் ஐந்து புள்ளி ஏறினாலும் இதே 126.7தான், வேகத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. இப்போது விலை ஏறாமலும் இறங்காமலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த மூன்று நாள் சிசிஐ 115.2, 105.2, 96.5. ஒரு புள்ளிகூட இறங்காத விலைக்கு, மூன்றாம் நாளே கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. காரணம், சராசரி பின்னாலிருந்து விலையை நெருங்கிக்கொண்டே வருகிறது. இதே மூன்று நாளில் ஆர்எஸ்ஐ அசையாது. முடிவு விலை மாறாத நாளில் ஏற்றச் சராசரியும் இறக்கச் சராசரியும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், விகிதம் அப்படியே இருக்கும்.

நடைமுறையில் இதன் பொருள்: ஓட்டம் தளர்வதைச் சிசிஐ முதலில் காட்டுகிறது, ஆர்எஸ்ஐ உண்மையான இறக்கத்துக்குக் காத்திருக்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. நல்ல போக்கு நான்கு நாள் இளைப்பாறினாலே சிசிஐ என்னை வெளியே தள்ளிவிடும். பிறகு அது மறுபடி +100-ஐக் கடக்கும்போது முன்பைவிட அதிக விலையில் நுழைய வேண்டியிருக்கும். விலை பக்கவாட்டில் ஊசலாடும் வாரங்களில் இது தொல்லைதான்.

இன்னொரு பொறி, அமைதியான சந்தை. 19 நாள் விலை அசையாமல் கிடந்து, 20-ஆம் நாள் ஒரே ஒரு தாவல் தாவினால் சிசிஐ 666.7 காட்டும். தாவல் ஒரு புள்ளியா, ஐம்பது புள்ளியா என்பது அதற்கு ஒன்றுதான். (சிசிஐக்கு எல்லையே இல்லை என்று பலரும் எழுதுகிறார்கள், 20 நாள் கணக்கில் இந்த எண்தான் உச்சம், 14 நாளாக்கினால் 466.7.) அதனால் 300, 400 என்று பெரிய எண் வரும்போது எண்ணைக் கண்டு மயங்குவதில்லை. விலை எத்தனை புள்ளி நகர்ந்தது, அது என் தரகுச் செலவைத் தாங்குமா என்று சார்ட்டிலேயே அளந்து பார்க்கிறேன். பாதிக்கு மேற்பட்ட தருணங்களில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆர்எஸ்ஐயை நான் எடுத்துவிடவில்லை. +100-ஐக் கடக்கும் நாளில் அது 50-க்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். 70 கோட்டைச் சார்ட்டிலிருந்தே அழித்துவிட்டேன்; கண்ணில் பட்டால் பழைய கை தானாக விற்கப் போகிறது.